லீப் வருடத்தின் 240-ஆவது நாள் எந்தத் தேதி? காலண்டரைப் பார்க்காமல் கண்டுபிடிக்கும் வழி

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆகஸ்ட் 27. எந்த லீப் வருடமாக இருந்தாலும் இதுதான். சாதாரண வருடமாக இருந்தால் அதே 240 ஒரு நாள் தள்ளி ஆகஸ்ட் 28-இல் வந்து நிற்கும்.

விடை மட்டும் வேண்டியவர்கள் இதோடு கிளம்பலாம். ஆனால் இந்தக் கேள்வி எப்போதும் இதே உருவத்தில் வருவதில்லை. தேர்வுத் தாளில் ஒரு மாதிரி வரும், பெட்டியின் மேல் ஒட்டிய லேபிளில் 24240 என்று வெறும் எண்ணாக வரும், எக்செல் ஷீட்டில் யாரோ போட்டுவைத்த கணக்கில் ஒரு நாள் உதைக்கும். அப்போது கையில் ஒரு முறை இருக்க வேண்டும், அந்த முறை சரியா என்று சோதிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 28 என்ற தப்பு விடை இரண்டு தனித்தனி காரணங்களால் வரும் என்பதுதான் இதில் நிறையப் பேருக்குப் பிடிபடாத இடம். அதற்குக் கொஞ்சம் விரிவாகவே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில் கேள்வியைச் சரியாகப் படியுங்கள்

240-ஆவது நாள் என்றால் ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணுவது. ஜனவரி 1 முதல் நாள், ஜனவரி 2 இரண்டாவது நாள், இப்படியே போக வேண்டியதுதான். "ஜனவரி 1-லிருந்து 240 நாள் கழித்து" என்பது வேறு கேள்வி. அதில் ஜனவரி 1 பூஜ்ஜியமாகிவிடும், விடை ஒரு நாள் தள்ளிப் போகும்.

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி கிழிக்கும் காலண்டரை நினைத்துக்கொண்டால் இது குழப்பமே தராது. ஒரு லீப் வருடக் காலண்டர் அட்டையில் 366 தாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 1 அன்று காலையில் எதையும் கிழிக்கவில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிவது முதல் தாள். ஒரு தாளைக் கிழித்தால் தெரிவது இரண்டாவது. ஆக 240-ஆவது தாள் கண்ணுக்குத் தெரிய 239 தாளைத்தான் கிழித்திருப்போம். கணக்கில் எங்கெல்லாம் ஜனவரி 1-உடன் கூட்டுகிறோமோ அங்கெல்லாம் 239-ஐக் கூட்ட வேண்டும், 240-ஐ அல்ல. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடியும் வரும்.

வருடம் நிஜமாகவே லீப் வருடமா

நான்கால் வகுபட்டால் லீப் வருடம் என்று பள்ளியில் படித்தது பெரும்பாலும் போதும். நூறால் வகுபடும் வருடத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு சோதனை: 400-ஆலும் வகுபட வேண்டும். அதனால்தான் 2000 லீப் வருடம், 1900 இல்லை, வரப்போகும் 2100-உம் இல்லை. 2024 லீப் வருடம், அடுத்தது 2028. தேர்வில் வேண்டுமென்றே 1900-ஐயோ 2100-ஐயோ கொடுத்துவிட்டு 240-ஆவது நாளைக் கேட்டால் விடை ஆகஸ்ட் 28 என்பதை மறந்துவிடாதீர்கள். கேள்வியில் "லீப் வருடம்" என்று எழுதியிருந்தால் இந்தச் சோதனையே தேவையில்லை.

கணக்கு: 60, அப்புறம் 153

வழக்கமாகச் சொல்லித்தரும் முறை, ஒவ்வொரு மாதத்தின் நாட்களையும் கூட்டிக்கொண்டே போவது. 31, 60, 91, 121, 152, 182, 213 என்று ஜூலை வரை வந்துவிடும். தப்பில்லை. ஆனால் ஏழு கூட்டல், ஏழு இடத்தில் தவறலாம். அதைவிட வருடத்தை இரண்டு வெட்டாக வெட்டிக்கொள்வது சுலபம்.

முதல் வெட்டு பிப்ரவரி முடியும் இடம். லீப் வருடத்தில் ஜனவரி 31, பிப்ரவரி 29, இரண்டும் சேர்ந்து சரியாக 60. முழு எண், மறக்காது. அதாவது 60-ஆவது நாள் பிப்ரவரி 29, மார்ச் 1 அதற்கு அடுத்த 61.

இரண்டாவது வெட்டு ஜூலை முடியும் இடம். மார்ச், ஏப்ரல், மே, ஜூன், ஜூலை ஆகிய ஐந்து மாதமும் 31, 30, 31, 30, 31 என்று மாறி மாறி வரும். கூட்டினால் 153. இதில் லீப் வருடம், சாதாரண வருடம் என்ற பேச்சே கிடையாது, எப்போதும் 153-தான். பிப்ரவரியைத் தாண்டிவிட்டால் காலண்டர் ஒழுங்காகிவிடுகிறது, தொல்லை எல்லாம் முதல் இரண்டு மாதத்தோடு சரி.

இப்போது கணக்கைப் போடுவோம். 240-இல் 60 போனால் 180. அதாவது மார்ச் 1-ஐ ஒன்று என்று எண்ணினால் நமக்கு வேண்டியது 180-ஆவது நாள். அதில் ஐந்து மாதத்துக்கான 153 போனால் மீதி 27. ஜூலை முடிந்துவிட்டது, மீதி இருக்கும் 27 நாளும் அடுத்த மாதத்தில்தான் போய் விழ வேண்டும். அடுத்த மாதம் ஆகஸ்ட். எனவே ஆகஸ்ட் 27.

மீதியாக வந்த எண் அந்த மாதத்தின் நாட்களைவிடப் பெரியதாக இருந்தால் இன்னொரு மாதம் கழிக்க வேண்டும் என்று அர்த்தம். 27 என்பது 31-ஐவிடச் சின்னது, ஆகையால் இங்கேயே நிறுத்தலாம். மீதி பூஜ்ஜியம் என்று வந்தால் அது முந்தைய மாதத்தின் கடைசி நாள். 213-ஆவது நாளைக் கேட்டிருந்தால் அப்படித்தான் வந்திருக்கும், விடை ஜூலை 31. பூஜ்ஜியத்தைப் பார்த்ததும் "ஆகஸ்ட் 0" என்று திகைப்பவர்களும் உண்டு, "ஆகஸ்ட் 1" என்று எழுதிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

சாதாரண வருடத்துக்கும் இதே வழிதான், 60-க்குப் பதில் 59 கழிக்க வேண்டும். மீதி 28 வரும்.

கைமுட்டியில் எண்ணும் பழக்கம் உள்ளவர்கள் ஜூலை, ஆகஸ்ட் இரண்டுமே மேடு என்பதில் கவனமாக இருங்கள். கடைசி முட்டியில் ஜூலை முடிந்ததும் மறுபடி முதல் முட்டியில் ஆகஸ்ட் தொடங்க வேண்டும். 31-க்கு அப்புறம் 30 என்ற தாளத்திலேயே போய் ஆகஸ்டை 30 ஆக்கிவிடுவது சகஜம். நம் கணக்கு ஆகஸ்ட் 27-ஐத் தாண்டிப் போவதில்லையென்றாலும், கீழே பின்னாலிருந்து சரிபார்க்கும்போது அந்தத் தப்பு உங்களைக் கவிழ்த்துவிடும்.

பின்னாலிருந்து சரிபார்ப்பது

ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது, முதல் தடவை எங்கே வழுக்கினோமோ அங்கேயேதான் இரண்டாவது தடவையும் வழுக்குவோம். டிசம்பரிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

லீப் வருடத்துக்கு 366 நாள். 366-இல் 240 போனால் 126. அதாவது அந்த நாள் முடிந்தபிறகு வருடத்தில் இன்னும் 126 நாள் பாக்கி. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 30, 31, 30, 31, மொத்தம் 122. 126-இல் 122 போக 4. அந்த நான்கு நாளும் ஆகஸ்டின் வாலில் இருக்கின்றன: 28, 29, 30, 31. அதற்கு முந்தைய நாள் 27. பொருந்துகிறது.

இங்கே ஒரு அழகான விஷயம் ஒளிந்திருக்கிறது. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையிலான ஐந்து மாதமும் 31, 30, 31, 30, 31-தான். மறுபடியும் 153! ஆகவே லீப் வருடத்தில் ஜூலை 31 எத்தனையாவது நாள் என்பதை 60-உடன் 153-ஐக் கூட்டியும் பெறலாம், 366-இல் 153-ஐக் கழித்தும் பெறலாம், இரண்டிலும் 213 வரும். 153 என்ற ஒரு எண்ணை வைத்துக்கொண்டே வருடத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆகஸ்ட் வாசலுக்கு வந்துவிடலாம்.

சென்னைக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு அடையாளக் கல். சுதந்திர தினம் லீப் வருடத்தில் 228-ஆவது நாள், சென்னை தினமான ஆகஸ்ட் 22 வருவது 235-ஆவது நாளில். 240 என்பது அதற்கு ஐந்து நாள் அப்புறம். ஆகஸ்ட் தேதி எதுவாக இருந்தாலும் லீப் வருடத்தில் 213-ஐக் கூட்டினால் போதும்.

மனக்கணக்குக்கு ஒரு குறுக்கு வழி

240-ஐப் பார்த்ததும் 8 முப்பது என்று தோன்றுகிறதல்லவா, அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். எல்லா மாதமும் 30 நாள் என்று வைத்தால் 240-ஆவது நாள் எட்டாவது மாதத்தின் 30-ஆம் தேதி, அதாவது ஆகஸ்ட் 30. ஆனால் முந்தைய ஏழு மாதங்களில் முப்பதுக்கு மேல் எத்தனை நாள் கூடியிருக்கிறது என்று பார்த்து அதைக் கழிக்க வேண்டும். ஜனவரியில் ஒன்று கூடுதல், லீப் வருடப் பிப்ரவரியில் ஒன்று குறைவு, இரண்டும் சரிக்குச் சரி. மார்ச், மே, ஜூலை ஆகியவற்றில் ஒவ்வொன்று கூடுதல், ஆக மூன்று. 30-இல் 3 போனால் 27.

சாதாரண வருடத்தில் பிப்ரவரி இரண்டு நாள் குறைவு என்பதால் மொத்தக் கூடுதல் இரண்டுதான், 28 வரும். பேப்பர் பேனா இல்லாமல் பேருந்தில் நின்றுகொண்டே போடக்கூடிய கணக்கு இது. எனக்கு இதுதான் பிடித்த வழி, ஆனால் 240 போல முப்பதால் வகுபடும் எண்ணுக்குத்தான் இது இவ்வளவு சுத்தமாக வரும், 217-க்கோ 303-க்கோ 153 வழியே நல்லது.

கிழமையும் வேண்டுமென்றால்

மேலே சொன்ன 239 இங்கே திரும்ப வருகிறது. ஜனவரி 1-க்கும் 240-ஆவது நாளுக்கும் இடையில் 239 நாள் நகர்வு. 239-இல் 34 முழு வாரம், அதாவது 238 போனால் மீதி 1. எனவே 240-ஆவது நாளின் கிழமை, ஜனவரி 1-இன் கிழமைக்கு அடுத்த கிழமை. லீப் வருடமா இல்லையா என்பதுகூட இதற்குத் தேவையில்லை, நாள் எண்தான் முக்கியம்.

2024 ஜனவரி 1 திங்கள், ஆகஸ்ட் 27 செவ்வாய். 2020 ஜனவரி 1 புதன், ஆகஸ்ட் 27 வியாழன். 2028 ஜனவரி 1 சனிக்கிழமை வருகிறது, ஆகையால் அந்த வருட ஆகஸ்ட் 27 ஞாயிறு.

ஆகஸ்ட் 28 என்று வந்தால் எங்கே தப்பு

தப்பு விடை வந்தால் அது கிட்டத்தட்ட எப்போதும் ஆகஸ்ட் 28-தான். சிக்கல் என்னவென்றால் அதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பிப்ரவரிக்கு 28 நாள் போட்டு சாதாரண வருட அட்டவணையைப் பயன்படுத்தியிருப்பீர்கள். இன்னொன்று, லீப் வருடத்தைச் சரியாகத்தான் எடுத்திருப்பீர்கள், ஆனால் ஜனவரி 1-உடன் 239-க்குப் பதில் 240-ஐக் கூட்டியிருப்பீர்கள். இரண்டும் ஒரே விடையைத் தருவதால், விடையை மட்டும் பார்த்து எந்தத் தப்பு என்று சொல்ல முடியாது. கையால் போட்ட ஒற்றைக் கணக்கு என்றால் பரவாயில்லை, மறுபடி போடலாம். வேறொருவர் எழுதிவைத்த ஷீட்டிலோ நிரலிலோ இது இருந்தால் காரணம் தெரியாமல் திருத்தக்கூடாது. சிலர் கடைசியில் ஒன்றைக் கழித்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். தப்பு பிப்ரவரியில் இருந்தால் அந்த ஒட்டுப்போட்டதால் இப்போது ஜனவரித் தேதிகள் எல்லாம் ஒரு நாள் முன்னால் போய் நிற்கும்.

கண்டுபிடிக்க இரண்டே எண் போதும். அதே ஷீட்டில் நாள் எண்ணாக 1 என்று போட்டுப் பாருங்கள். ஜனவரி 2 வந்தால் எண்ணும் முறையில் தப்பு, பூஜ்ஜியத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள். ஜனவரி 1 சரியாக வந்தால், அடுத்து 60 போடுங்கள். பிப்ரவரி 29 வர வேண்டும். மார்ச் 1 வந்தால் லீப் நாளைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். இரண்டு தப்பும் ஒன்றாக இருந்தால் 240-க்கு ஆகஸ்ட் 29 வரும், அதையும் பார்க்க வாய்ப்பிருக்கிறது.

லேபிளில் இருக்கும் எண்: ஒரு உதாரணம்

புதுப்பேட்டையில் வண்டி உதிரிபாகம் விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினில் கேஸ்கெட் ஒட்டும் கம் டியூப், பெட்டியின் ஓரத்தில் 4240 என்று அச்சு. தயாரித்த நாளிலிருந்து 180 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்று பெட்டியின் பின்னால் போட்டிருக்கிறது, தேதியாக எதுவும் இல்லை.

"அண்ணே, 4240-ன்னு இருக்கே, நாலாவது மாசமா?"

"மாசம் இல்ல தம்பி, கடைசி மூணு எண்ணைத் தனியா எடு. 240. முன்னாடி இருக்கிற 4 வருஷத்தோட கடைசி எண்ணு."

இப்படி வருடத்தையும் நாள் எண்ணையும் சேர்த்து அச்சிடுவதைத் தொழிற்சாலைப் பேச்சில் ஜூலியன் கோடு என்பார்கள். வானியலில் ஜூலியன் நாள் என்று இருப்பது வேறு, அது பல லட்சம் தாண்டிய ஏழு இலக்க எண், இரண்டையும் கலக்க வேண்டாம்.

வருடம் 4 என்றால் 2024-ஆகவும் இருக்கலாம், 2014-ஆகவும் இருக்கலாம். ஒற்றை இலக்கத்தின் பலவீனம் இது. கடையில் பழைய சரக்கு தேங்கும் இடம் என்றால் இதைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். 2024 லீப் வருடம், ஆகவே 240 என்பது ஆகஸ்ட் 27. 2014 லீப் வருடம் இல்லை, அப்படியானால் ஆகஸ்ட் 28. எந்த வருடம் என்பதை பில், பெட்டியின் வடிவமைப்பு, விலை லேபிள் இவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், எண்ணிலிருந்து அது தெரியாது. இந்தப் பெட்டியோடு வந்த பில் 2024 அக்டோபர் தேதியிட்டது என்று வைப்போம்.

காலாவதி நாளைத் தேதிக்கு மாற்றாமல் நாள் எண்ணிலேயே கூட்டிவிடலாம். 240-உடன் 180 கூட்டினால் 420. வருடத்தில் 366-தான் இருக்கிறது, அதைக் கழித்தால் 54, அது அடுத்த வருடமான 2025-இன் 54-ஆவது நாள். ஜனவரியின் 31 போக 23. எனவே 2025 பிப்ரவரி 23. கழிக்க வேண்டியது தயாரித்த வருடத்தின் மொத்த நாட்கள், போய்ச் சேரும் வருடத்தினுடையது அல்ல என்பதைக் கவனியுங்கள். 2025 சாதாரண வருடம்தானே என்று 365-ஐக் கழித்தால் 55 வந்து பிப்ரவரி 24 ஆகிவிடும்.

180 நாளை ஆறு மாதம் என்று சுருக்குவதும் இங்கே உதவாது. ஆகஸ்ட் 27-லிருந்து ஆறு மாதம் என்றால் பிப்ரவரி 27, நான்கு நாள் அதிகமாகக் கொடுத்துவிடுவீர்கள்.

எல்லா நான்கு இலக்க எண்ணும் இந்த வகை இல்லை. புதுப்பேட்டையிலேயே டயர் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம் வேறு முறை: முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். இதே 2024 ஆகஸ்ட் 27-இல் தயாரான டயரில் 3524 என்று இருக்கும், 35-ஆவது வாரம். கடைசி மூன்று இலக்கம் 366-ஐத் தாண்டினால் அது நாள் எண்ணாக இருக்கவே முடியாது என்பது ஒரு விரைவுச் சோதனை. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் அதே கம்பெனியின் வேறு ஒரு பொருளில் தேதியும் கோடும் சேர்ந்து அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், ஒன்று பொருந்தினால் முறை பிடிபட்டுவிடும். ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிக்கு ஒரு முறை வைத்திருக்கிறது.

தொழிற்பேட்டைகளில் வேலை செய்கிறவர்கள் "240 நாள்" என்றதும் வேலை நிரந்தரம், தொடர் பணி என்று யோசிப்பார்கள். தொழிலாளர் சட்டத்தில் வரும் அந்த 240, பன்னிரண்டு மாதத்துக்குள் பணியில் கழிந்த நாட்களின் எண்ணிக்கை. காலண்டரின் 240-ஆவது நாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆகஸ்ட் 27-ஐ அதற்கான கெடுவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கணினியில் செய்யும்போது

எக்செலில் மாதக் கணக்கே வேண்டாம். ஜனவரியின் 240-ஆம் தேதி என்று கேட்டால் அதுவே உருட்டிக்கொண்டு போய்ச் சரியான மாதத்தில் நிறுத்திவிடும்:

```
=DATE(2024,1,240)
```

இது 2024 ஆகஸ்ட் 27-ஐத் தரும். A1 கட்டத்தில் 24240 போல ஐந்து இலக்கக் கோடு இருந்தால்:

```
=DATE(2000+LEFT(A1,2),1,RIGHT(A1,3))
```

திருப்பிப் போடவும் வழி உண்டு. A1-இல் தேதி இருந்தால் அது எத்தனையாவது நாள் என்பதற்கு:

```
=A1-DATE(YEAR(A1),1,0)
```

ஜனவரி 0 என்பது முந்தைய டிசம்பர் 31, அதனால்தான் ஒன்று கூட்டாமலேயே 240 கிடைக்கிறது. இந்தக் கட்டத்தின் வடிவம் தேதியாக இருந்துவிட்டால் 240-க்குப் பதில் 1900 ஆகஸ்ட் 27 என்று காட்டும், பயப்படாமல் வடிவத்தை எண்ணாக மாற்றுங்கள். ஆனால் ஒரு நிமிடம் அந்தத் தேதியைப் பாருங்கள். 1900 லீப் வருடமே இல்லையே, 240-ஆவது நாள் ஆகஸ்ட் 28 ஆகத்தானே இருக்க வேண்டும்? லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல் 1900-ஐயும் லீப் வருடமாகவே வைத்திருக்கிறது, தெரிந்தே. அந்த ஒரு வருடத்தின் தேதிகளுக்கு எக்செலை நம்ப வேண்டாம்.

பைதானில் நாள் எண்ணுக்கென்றே `%j` இருக்கிறது:

```python
from datetime import datetime
print(datetime.strptime("2024-240", "%Y-%j").date())
```

2024-08-27 என்று வரும். சி மொழியில் `tm_yday` பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவது, அங்கே 240-ஆவது நாளின் மதிப்பு 239. மேலே சொன்ன 1, 60 சோதனையில் ஜனவரி 2 வந்து நிற்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

செயற்கைக்கோள் படக் கோப்புகளைப் பதிவிறக்குகிறவர்களுக்கு இந்த எண் பழக்கமானது, பெயரிலேயே A2024240 என்று வரும். அங்கே நாள் என்பது உலகப் பொது நேரப்படி. சென்னை அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அந்த 240-ஆவது நாள் இங்கே 27-ஆம் தேதி காலை 5.30-க்குத் தொடங்கி 28-ஆம் தேதி காலை 5.30-க்கு முடிகிறது. 28-ஆம் தேதி அதிகாலை 3 மணிக்குப் பதிவான ஒன்று கோப்பில் 240 என்றே இருந்தால் அது தப்பில்லை.

எங்கே இது செல்லாது

தமிழ் மாதங்களுக்கு இந்த 153 கணக்கு ஒத்துவராது. சித்திரை ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது, ஆனி 32 நாள் வரை போகும், மாத நீளம் சூரியன் ராசி மாறும் நேரத்தைப் பொறுத்தது. பஞ்சாங்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய ஆவணங்களில் ஒரு வினோதமான லீப் வருடமும் உண்டு. பிரிட்டனும் அதன் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளும் 1752-இல் புதிய காலண்டருக்கு மாறியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாளை செப்டம்பர் 14 என்று எண்ணினார்கள். பதினோரு தேதிகள் இல்லாமலே போயின. வெட்டு செப்டம்பரில் விழுந்ததால் அந்த வருடத்தின் 240-ஆவது நாள் வழக்கம்போல ஆகஸ்ட் 27-தான். ஆனால் அதற்குப் பிறகு பாக்கி இருந்தது 126 நாள் அல்ல, 115. முன்னாலிருந்து எண்ணும் வழி அந்த வருடத்திலும் வேலை செய்யும், டிசம்பரிலிருந்து பின்னோக்கி வருகிறவர் 366-க்குப் பதில் 355-இலிருந்து தொடங்கி, செப்டம்பருக்கு 19 நாள்தான் என்று வைக்க வேண்டும்: 355-இல் 240 போக 115, அதில் 19, 31, 30, 31 சேர்ந்த 111 போக அதே 4 மிஞ்சும்.